சோலார் பில்லில் பொருளையும் பிட்டிங் கூலியையும் பிரிக்கும்போது நடக்கும் தவறுகள்

போன வருடம் ஒரு சிறிய சோலார் டீலர் தன் பில் புத்தகத்தை என்னிடம் கொண்டு வந்தார். மொட்டைமாடியில் பேனல் போட்டுக் கொடுப்பவர். கிட்டத்தட்ட எல்லா பில்லும் ஒரே மாதிரி இருந்தது, மேலே பேனல், இன்வெர்ட்டர், ஸ்ட்ரக்சர், கேபிள் எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய், கீழே இன்ஸ்டலேஷன் 20,000. மேலே இருப்பதற்கு ஜிஎஸ்டி 5%, கீழே இருப்பதற்கு 18%. பார்க்க ரொம்ப நேர்மையான பில்தான், உண்மையில் அவருக்கு ஆன கூலியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனாலும் இப்படிப் போட்ட ஒவ்வொரு பில்லிலும் வரி குறைந்திருந்தது.

பலர் இடறும் இடம் இதுதான். பொருளுக்கு ஒரு ரேட், வேலைக்கு இன்னொரு ரேட் என்றால், இரண்டையும் நம் கணக்குப்படி பிரித்து எழுதிவிட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். ஜிஎஸ்டியில் பொதுவாக அந்தச் சுதந்திரம் கிடையாது. ஒரு மெஷினை விற்று அதைப் பொருத்தியும் கொடுத்தால், வழக்கமாக இரண்டும் சேர்ந்து ஒரே சப்ளை, எது முக்கியமோ அதன் ரேட்தான் மொத்தத்துக்கும். பில்லில் பிட்டிங் சார்ஜைத் தனி லைனாக எழுதுவதால் மட்டும் அது தனி சப்ளை ஆகிவிடாது.

சோலாரில் இந்தப் பொது விதி கூட இல்லை. பொருள் இவ்வளவு, வேலை இவ்வளவு என்று ஆளாளுக்கு ஒரு கணக்குப் போட்டு ஒரே சண்டையாக இருந்ததால், 2019 ஜனவரி 1 முதல் அரசே பிரித்துக் கொடுத்துவிட்டது (24/2018 என்ற அறிவிக்கை). பொருளும் பொருத்தும் வேலையும் ஒரே ஆள் கொடுத்தால், மொத்தத் தொகையில் 70% பொருள், 30% சேவை. உண்மையில் உங்கள் கூலி 10% ஆனதா 40% ஆனதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. சேவைக்கு 18%. பொருளுக்கு முதலில் 5% இருந்தது, 2021 அக்டோபரில் 12% ஆனது, 2025 செப்டம்பர் 22 முதல் மறுபடி 5%. ரேட்தான் ஏறி இறங்கியது, 70:30 அப்படியே இருக்கிறது.

அந்த டீலரின் பில்லையே எடுத்துப் போட்டுப் பார்ப்போம். 3 கிலோவாட், வரி இல்லாமல் மொத்தம் 1,80,000. இதில் 70% என்றால் 1,26,000, அதற்கு 5% வரி 6,300. மீதி 54,000, அதற்கு 18% வரி 9,720. ஆக மொத்த வரி 16,020. அவர் வாங்கியதோ 8,000 + 3,600 = 11,600. ஒரு பில்லுக்கு 4,420 ரூபாய் குறைவு. 40 வீடு போட்டிருந்தால் 1,76,800, அதன் மேல் வருடத்துக்கு 18% வட்டி. முடிந்துபோன வேலைக்குப் பழைய கஸ்டமரிடம் போய் மறுபடி பணம் கேட்க முடியுமா? அதனால் இது டீலரின் கையிலிருந்துதான் போகும், அவருடைய லாபமே அதில் கரைந்துவிடும்.

சிலர் இதற்கு வழி கண்டுபிடித்ததாக நினைத்து இரண்டு பில் போடுகிறார்கள், பொருளுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று. ஒரே கொட்டேஷனில் "3 கிலோவாட் முழுதாகப் போட்டுத் தர இவ்வளவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பில்லை மட்டும் இரண்டாக்கினால் கொட்டேஷனே காட்டிக் கொடுத்துவிடும். உண்மையிலேயே கஸ்டமர் ஒரு கடையில் பேனல் வாங்கி, சம்பந்தமே இல்லாத வேறொரு எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டினால் அது வேறு விஷயம். அப்போது கடைக்காரர் பொருளுக்கு மட்டும், எலக்ட்ரீஷியன் தன் வேலைக்கு மட்டும் பில் போடுவார்கள், 70:30 அங்கே வராது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. எதற்கு வம்பு என்று பயந்து மொத்தத்துக்கும் 18% போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் வரி 32,400, அதாவது வீட்டுக்காரர் 16,380 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். கம்பெனி என்றால் இன்புட் கிரெடிட் எடுக்கும் வழியாவது இருக்கும், வீட்டுக்குப் போட்டவருக்கு அதுவும் இல்லை. டீலருக்கும் அதில் ஒரு பைசா மிஞ்சாது, வரி என்று வாங்கியதை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும்.

அப்புறம் 8.9%. 5-ஐயும் 18-ஐயும் 70:30-இல் கலந்தால் 8.9 வரும், அதனால் பில்லில் ஒரே லைனாக "சோலார் சிஸ்டம், ஜிஎஸ்டி 8.9%" என்று அடித்துவிடுகிறார்கள். அப்படி ஒரு ரேட்டே கிடையாது, ரிட்டர்ன் போடும்போது அதை எங்கேயும் வைக்க முடியாது. பில்லில் இரண்டு லைன் வர வேண்டும்: பேனலுக்கு 8541 கோடு போட்டு 1,26,000, 2.5% + 2.5%. வேலைக்குத் தனிச் சேவைக் கோடு போட்டு 54,000, 9% + 9%. பொருளை வகை வகையாகக் காட்ட வேண்டுமென்றால் காட்டலாம், எல்லாம் கூடி 1,26,000 வந்தால் சரி.

ஆனால் 8.9 ஒரு இடத்தில் உதவும். "எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சம்" என்று பேசி முடித்துவிட்டால், அந்த இரண்டு லட்சத்தில் நேராக 70% எடுக்கக் கூடாது, அதற்குள் வரி இருக்கிறது. முதலில் 1.089-ஆல் வகுத்தால் 1,83,655 வரும், அதுதான் வரிக்கு முந்தைய தொகை. அதைத்தான் 70:30 ஆகப் பிரிக்க வேண்டும்.

மானியத்தில் வரும் குழப்பமும் இதோடு சேர்ந்ததுதான். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வீட்டுக்காரரின் பேங்க் கணக்குக்கே போகிறது. டீலர் சிலர் அதைக் கழித்துவிட்டு 1,02,000-க்கு மட்டும் வரி போடுகிறார்கள். உங்கள் விலை 1,80,000, அதை யார் எங்கிருந்து திரட்டிக் கொடுத்தாலும் பில் 1,80,000-க்குத்தான்.

மொத்தத் தொகையிலிருந்து வெளியே வைக்கக்கூடிய ஒன்று உண்டு, வீட்டுக்காரர் சார்பாக மின்வாரியத்துக்கு நீங்கள் கட்டும் கட்டணம். அவர் உங்களைக் கட்டச் சொல்லியிருக்க வேண்டும், கட்டிய அதே தொகையைத்தான் திரும்ப வாங்க வேண்டும், பில்லில் தனியாகக் காட்ட வேண்டும், ரசீது கையில் இருக்க வேண்டும். 1,500 கட்டிவிட்டு ரவுண்டாக 2,000 வாங்கினால் அந்தச் சலுகை போய்விடும், அதுவும் மொத்தத்தில் சேர்ந்துவிடும்.

அந்த டீலருக்குக் குறைந்த பில்களுக்கெல்லாம் டெபிட் நோட் போட்டு, வித்தியாசத்தை வட்டியோடு கட்ட வைத்தோம். அதே புத்தகத்தில் இரண்டு பில் மொத்தமாக 18%-இல் இருந்தன, அந்த இரண்டு வீட்டுக்கும் கிரெடிட் நோட் போட்டுக் கூடுதல் வரியைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கிரெடிட் நோட்டை நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் ரிட்டர்னில் காட்டினால்தான் டீலரின் வரி குறையும், அந்தத் தேதி தாண்டினால் திருப்பிக் கொடுத்த பணம் முழுதும் அவருடைய செலவு.