ஒற்றைத் தட்டு கிளட்சின் முறுக்குவிசைக் கணக்கு: எங்கே தவறுகிறோம்?

ஒற்றைத் தட்டு உராய்வுக் கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைக் கடத்தும் என்று கணக்கிடுவதற்கு இரண்டு வரிச் சூத்திரம் போதும். ஆனாலும் ஒரே கிளட்சுக்கு ஒரே வகுப்பில் நான்கு விதமான விடைகள் வருவதுண்டு. கூட்டல் பெருக்கலில் பிழை இருக்காது. கொடுக்கப்பட்ட அழுத்தம் எந்த அழுத்தம் என்று கேட்காமலேயே தொடங்கிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். உராய்வு வளையத்தின் வெளிவிட்டம் 250 மி.மீ., உள்விட்டம் 150 மி.மீ. லைனிங் தாங்கக்கூடிய அதிகபட்ச அழுத்தம் சதுர மி.மீ.க்கு 0.2 நியூட்டன். உராய்வுக் குணகம் 0.3. தட்டின் இரு முகங்களிலும் லைனிங் உண்டு. ஆரங்கள் 125, 75 மி.மீ. விட்டத்தை அப்படியே சூத்திரத்தில் போட்டால் விடை எட்டு மடங்காகிவிடும். நல்ல வேளையாக, அது பார்த்தவுடனேயே தெரிந்துவிடுகிற தவறு.

தெரியாமல் தப்பிவிடும் தவறு வேறு. இந்தக் கணக்குக்கு இரண்டு கோட்பாடுகள் உண்டு. வளையம் முழுவதும் அழுத்தம் ஒரே அளவு என்று கொள்வது சீரான அழுத்தக் கோட்பாடு. புதிய தட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் கிளட்ச் வழுக்கும்போது வெளிவிளிம்பு அதிக வேகத்தில் உரசுகிறது, ஆகவே முதலில் அங்கேதான் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் அழுத்தம் குறைந்து, அந்தச் சுமை உட்பக்கம் நகர்கிறது. எல்லா இடமும் ஒரே வேகத்தில் தேயும் நிலை வரும்வரை இது தொடரும். அந்த நிலையில் அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கினால் எங்கும் ஒரே எண் கிடைக்கும். இதுவே சீரான தேய்மானக் கோட்பாடு. புழக்கத்தில் இருக்கும் கிளட்சுக்கு இதுவே உரியது.

"இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறிது, எதைப் பயன்படுத்தினாலும் சரி" என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. இந்தக் கிளட்சுக்குச் சராசரி உராய்வு ஆரம் சீரான அழுத்தத்தில் 102.1 மி.மீ., சீரான தேய்மானத்தில் 100 மி.மீ. இரண்டு சதவீத வேறுபாடுதான். அச்சு விசையை, அதாவது ஸ்பிரிங்குகள் தட்டை அழுத்தும் மொத்த விசையை, முதலிலேயே கொடுத்துவிட்டால் விடையிலும் அந்த இரண்டு சதவீதம்தான் மாறும். ஆனால் நமக்குக் கொடுக்கப்பட்டது விசை அல்ல, அழுத்தம். அப்போது விசையே மாறிவிடுகிறது.

சீரான தேய்மானத்தில் அதிகபட்ச அழுத்தம் உள்விளிம்பில்தான் இருக்கும். எனவே 0.2-ஐ 75 மி.மீ. ஆரத்தோடு பெருக்க வேண்டும். அந்தப் பெருக்குத்தொகை C, அச்சு விசை W, முறுக்குவிசை T:

```
C = 0.2 × 75 = 15 N/mm
W = 2π × 15 × (125 − 75) = 4712 N
T = 2 × 0.3 × 4712 × 100 = 282700 N·mm
```

அதாவது சுமார் 283 நியூட்டன் மீட்டர். அதே 0.2-ஐ வளையம் முழுவதற்கும் பொதுவாகக் கொண்டால்:

```
W = 0.2 × π × (125² − 75²) = 6283 N
T = 2 × 0.3 × 6283 × 102.1 ≈ 385000 N·mm
```

385 நியூட்டன் மீட்டர். முந்தையதைவிட 36 சதவீதம் அதிகம். இப்போது எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 280 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கணக்கு 1.37 மடங்கு கையிருப்பு இருப்பதாகக் காட்டும். முதல் கணக்கின்படி கையிருப்பே இல்லை.

இதன் விளைவு என்ன என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. விடை கூடுதலாக வந்துவிட்டதால் கிளட்ச் கட்டாயம் வழுக்கும் என்று நினைக்க வேண்டாம். 6283 நியூட்டனுக்கே ஸ்பிரிங் பொருத்தியிருந்தால், தேய்ந்து படிந்த பிறகும் அது 377 நியூட்டன் மீட்டரைக் கடத்தும். ஆனால் உள்விளிம்பின் அழுத்தம் 0.267-க்கு ஏறிவிடும். அனுமதித்த அளவை மூன்றில் ஒரு பங்கு தாண்டிவிட்டோம். அதற்கான விலையை லைனிங்தான் கொடுக்கும். மாறாக, லைனிங்கைக் காக்க 4712 நியூட்டன் ஸ்பிரிங்கைப் பொருத்திவிட்டு 385-ஐ நம்பினால், அப்போதுதான் கிளட்ச் வழுக்கும்.

சரியான கோட்பாட்டைத் தேர்ந்த பிறகும் சறுக்க ஓர் இடம் இருக்கிறது. வெளிவிளிம்பு பெரியது, ஆகவே அழுத்தமும் அங்கேதான் அதிகம் என்று எண்ணி 0.2-ஐ 125 மி.மீ.யோடு பெருக்கிவிடுவார்கள். விசை 7854 நியூட்டனாகவும் முறுக்குவிசை 471 நியூட்டன் மீட்டராகவும் வரும். இதைப் பிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு: கிடைத்த விசையிலிருந்து உள்விளிம்பின் அழுத்தத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள். இங்கே அது 0.333 என்று வரும். அனுமதித்தது 0.2. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஏன் யாரும் செய்வதில்லை என்பதுதான் புரியவில்லை.

கணக்கில் "சராசரி அழுத்தம் 0.2" என்று சொல்லியிருந்தால் கதை வேறு. அப்போது விசை என்பது அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கியதுதான், 6283 நியூட்டன். கோட்பாடு ஆரத்தை மட்டும் தீர்மானிக்கும். "சராசரி", "அதிகபட்ச" என்ற சொற்களை அடிக்கோடிட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. எதுவுமே சொல்லாமல் லைனிங்கின் அனுமதி அழுத்தம் என்று மட்டும் இருந்தால், அதிகபட்சமாக எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அடுத்தது முகங்களின் எண்ணிக்கை. தட்டு ஒன்றுதான். ஆனால் ஒரு முகம் ஃப்ளைவீலோடும் மறுமுகம் பிரஷர் பிளேட்டோடும் உரசுவதால் சூத்திரத்தில் 2 வருகிறது. இதை விட்டுவிடுபவர்களுக்கு 141 கிடைக்கும். அதைவிட நுட்பமான தவறு, இரு முகங்களின் பரப்பையும் கூட்டி விசையை இரட்டிப்பாக்கிவிட்டு, பிறகு முறுக்குவிசையிலும் 2-ஆல் பெருக்குவது. ஸ்பிரிங் அழுத்துவது ஒரே விசைதான். பிரஷர் பிளேட் தட்டை எவ்வளவு தள்ளுகிறதோ, அவ்வளவே ஃப்ளைவீலும் திருப்பித் தள்ளுகிறது. விசை கூடுவதில்லை, உராயும் முகம்தான் கூடுகிறது.

கடைசியாக உராய்வுக் குணகம். அழுத்தத்தை எவ்வளவு கவனமாகக் கையாண்டாலும் விடை இந்த எண்ணுக்கு நேர்விகிதத்தில் ஏறி இறங்கும். 0.3 என்பது சுத்தமான, உலர்ந்த லைனிங்குக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு. எண்ணெய் கசிந்து லைனிங்கில் படிந்து குணகம் 0.1-க்கு இறங்கினால் நம் 283 வெறும் 94 ஆகிவிடும். கடும் சூட்டிலும் குணகம் குறையும். கிளட்ச் வழுக்கினால் சூடு பிறக்கும், சூட்டில் குணகம் குறைந்து இன்னும் வழுக்கும். ஆகவே அட்டவணையில் 0.25 முதல் 0.4 வரை என்று போட்டிருந்தால், கடத்தும் திறனைக் கணக்கிடக் கீழ் எல்லையையே எடுங்கள். நம் கிளட்சில் 0.25 போட்டால் 236 நியூட்டன் மீட்டர்தான் கிடைக்கும். 280 நியூட்டன் மீட்டர் எஞ்சினுக்கு இது போதாது. விட்டத்தையோ ஸ்பிரிங்கையோ மாற்றியாக வேண்டும், ஸ்பிரிங்கை மாற்றுவதென்றால் 0.2 என்ற எல்லை முதலிலேயே தடுத்துவிடும்.