இன்டேக்-அவுட்புட் சார்ட்டைச் சரிசெய்யச் செயலாய்வுத் திட்டம் எழுதுவது எப்படி?

எங்கள் பெண்கள் மருத்துவ வார்டில் இதய வலுவிழப்பு உள்ள ஒரு பாட்டியம்மாவுக்கு லேசிக்ஸ் ஊசி போய்க்கொண்டிருந்தது. காலை ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்டார்: "நேற்று எவ்வளவு நீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது?" சார்ட்டில் இரவுக் கட்டம் வெறுமையாக இருந்தது. மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்க அவரிடம் எண்ணே இல்லை.

அன்று வீட்டுக்குப் போய் நானே நான்கு பக்கத்துக்குத் திட்டம் எழுதினேன். ஊழியர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு, சுவரில் ஒரு அட்டை, தினமும் மேற்பார்வை. மறுநாள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். மூன்றாவது வாரம் இரவுக் கட்டம் மறுபடியும் வெறுமையாகவே இருந்தது. வேலை செய்பவர்களே தங்கள் சிக்கலை ஆராய்ந்து, மாற்றம் செய்து, விளைவைப் பார்ப்பதுதான் செயலாய்வு. அதன்படி வார்டில் எல்லோரோடும் உட்கார்ந்து எழுதிய இரண்டாவது திட்டத்தின் வழியைத்தான் இங்கே தருகிறேன்.

1. முதலில் எண்ணுங்கள்

ஏழு நாட்கள், சார்ட் போடச் சொல்லியிருந்த எல்லா நோயாளிகளின் சார்ட்டையும் பார்த்தேன். மூன்றே கேள்விகள். மூன்று ஷிப்ட் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா? 24 மணி நேர மொத்தம் இருக்கிறதா? அளவு மில்லியில் இருக்கிறதா, அல்லது "2 டம்ளர்", "சிறுநீர் போனது" என்று இருக்கிறதா? 42 சார்ட்டுகளில் மொத்தம் எழுதியிருந்தவை 11.

இதற்குக் கோடு போட்ட நீள நோட்டு ஒன்று போதும். கணினித் தாளை விட நோட்டையே நான் விரும்புகிறேன். நர்ஸ் மேசையில் கிடந்தால் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். அதில் நோயாளி பெயரோ பணியில் இருந்தவர் பெயரோ எழுதாதீர்கள். சார்ட்டைப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போடவே கூடாது.

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வாக இதைச் செய்பவர்கள், இந்த எண்ணிக்கையைத் தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெற்றுவிட வேண்டும்.

2. சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். என் முதல் திட்டத்தில் இருந்த வாக்கியம்: "செவிலியர்களின் அக்கறைக் குறைவாலும் பயிற்சி இன்மையாலும் சார்ட் முழுமையாக எழுதப்படுவதில்லை." எழுதியபோது சரியாகவே தோன்றியது. ஆனால் அந்த ஒரே வரியில் குற்றவாளி, காரணம், தீர்வு மூன்றையும் நானே முடிவு செய்துவிட்டேன். பயிற்சி இல்லை என்று எழுதிய பின் வகுப்பைத் தவிர வேறு தீர்வு கண்ணில் படாது. அந்த வரியைப் படித்துக் கையெழுத்திட்டவர்கள் அதன் பிறகு வாய் திறக்கவும் இல்லை.

பிறகு மாற்றி எழுதியது: "எங்கள் வார்டில் சார்ட் போடச் சொல்லப்பட்ட நோயாளிகளில் நான்கில் மூன்று பேருக்கு 24 மணி நேர மொத்தம் கிடைப்பதில்லை; இரவு ஷிப்டில்தான் அதிகம் விடுபடுகிறது." இதில் இடம் இருக்கிறது, அளவு இருக்கிறது, நேரம் இருக்கிறது. 'ஆல்' என்று முடியும் சொல் ஒன்றுகூட இல்லை. உங்கள் வாக்கியத்தில் 'இன்மையால்', 'குறைவால்' என்று வந்தால் அடித்துவிடுங்கள். காரணம் என்னவென்று அடுத்த படியில் மற்றவர்கள் சொல்லட்டும்.

3. காரணத்தை வார்டிடம் கேளுங்கள்

பிற்பகலில் ஷிப்ட் மாறும்போது இரண்டு அணியும் வார்டில் இருக்கும் இருபது நிமிடத்தைப் பயன்படுத்தினேன். செவிலியர்களோடு பயிற்சி மாணவிகளையும் மருத்துவமனைப் பணியாளர்களையும் அழைத்தேன். பொறுப்பில் இருப்பவர் கேட்டால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள் என்பதால் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். பெயர் வேண்டாம்; "நேற்று எழுத முடியாமல் போனது ஏன்?" என்பதற்கு ஒரு வரி. சீட்டுகளை மாணவி ஒருவர் குலுக்கி வாசித்தார்.

அக்கறையைப் பற்றி ஒரு சீட்டிலும் இல்லை. "டம்ளருக்கு எத்தனை மில்லி?" என்று ஒன்று. "உடனிருப்பவர் சிறுநீரைக் கொட்டிவிட்டுத்தான் சொல்கிறார்" என்று மூன்று. "சார்ட் கேஸ் ஷீட்டுக்குள் இருக்கிறது, கேஸ் ஷீட் மேசையில் இருக்கிறது." கழிப்பறை சுத்தம் செய்யும் அம்மா வாய்விட்டே சொன்னார்: "சிஸ்டர், அளக்கிற ஜாடி வார்டில் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் பூட்டிய அலமாரியில்."

4. திட்டத்தை எழுதுங்கள்

1946-ல் கர்ட் லெவின் செயலாய்வைப் பற்றி எழுதியபோதே, திட்டமிடு, செய், விளைவைப் பார் என்று படிப்படியாகச் சுழலும் வழியாகத்தான் அதை விளக்கினார். ஒரு சுற்றுக்கு இரண்டு வாரம் போதும். அந்தச் சுற்றில் செய்யும் மாற்றங்களும் சிலவாகவே இருக்கட்டும்.

எங்கள் முதல் சுற்றில் இரண்டு மாற்றங்கள். சார்ட் உள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக ஒரு பிளாஸ்டிக் ஜாடி, தனியாக ஒரு டம்ளர். 50 மில்லி சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றி, 100 மில்லிக்கு ஒரு கோடு என்று பிளாஸ்திரி ஒட்டிக் குறித்தோம். பழைய சலைன் பாட்டிலை வெட்டிப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம். அதில் உள்ள எண்கள் தலைகீழாகத் தொங்கும்போது படிப்பதற்கானவையாக இருக்கக்கூடும். இரண்டாவது மாற்றம், சார்ட் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். உடனிருப்பவர் அளந்து அதில் கோடு போடுவார், செவிலியர் ஷிப்ட் முடிவில் கூட்டுவார்.

திட்டத்தாளில் நான்கு பத்திகள்: என்ன செய்வது, யார், எந்த நாளுக்குள், நடந்ததை எப்படி அறிவது. 'யார்' பத்தியில் பெயரை அவரவரே எழுதினார்கள். ஜாடிகளுக்குக் கோடு போட்டதும் தினமும் கழுவப்படுகின்றனவா என்று பார்த்ததும் கழிப்பறை அம்மாதான்.

5. மறுபடியும் எண்ணுங்கள், ஆனால் சந்தேகத்தோடு

இரண்டாவது வார முடிவில் அதே மூன்று கேள்விகள். 40 சார்ட்டுகளில் 31-ல் மொத்தம் இருந்தது. மகிழ்ச்சியாக நோட்டை மூடப் போனேன். அப்போது ஒரு மாணவி, சில சார்ட்டுகளில் எல்லா எண்களும் 500, 1000, 1500 என்றே இருப்பதைக் காட்டினார். மூன்று ஷிப்டும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில்! கட்டம் நிரம்பியிருந்தது, ஆனால் யாரும் அளக்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எடை பார்க்கும் இயந்திரம் உதவும். ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோ. உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமம் என்று சார்ட் சொல்ல, நோயாளியின் எடை இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடியிருந்தால் சார்ட்டை நம்பாதீர்கள். வியர்வையும் மலமும் இந்தக் கணக்கில் வராது என்பதால் சிறு வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். காலையில் உணவுக்கு முன், அதே இயந்திரத்தில், அதே மாதிரி உடையில் எடை பார்க்க வேண்டும்.

6. உட்கார்ந்து பேசி, அடுத்த சுற்றுக்குப் போங்கள்

ஏன் ஊகித்து எழுதினார்கள் என்று மறுபடியும் சீட்டில் கேட்டோம். "தேவையில்லாதவர்களுக்கும் சார்ட் இருக்கிறது" என்பதே பெரும்பான்மையான பதில். சேர்ந்த அன்று எழுதிய உத்தரவை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. நன்றாக நடந்து சாப்பிடுகிறவருக்கும் சார்ட் ஓடிக்கொண்டிருந்தது. எனவே இரண்டாவது சுற்றில் ஒரே மாற்றம்: காலை ரவுண்ட்ஸில் "இவருக்குச் சார்ட் தொடரவா?" என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குவது. இதற்கு டாக்டரும் கூட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. முதல் நாளே அவரை அழைத்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

பின்சேர்க்கை

ஒரு மாணவி எழுதியிருந்தார்: அவருடைய ஆய்வு வழிகாட்டி, கருதுகோளும் மாதிரி அளவும் கேட்கிறாராம். இத்தகைய ஆய்வில் கருதுகோளுக்குப் பதிலாக "எங்கள் வார்டில் 24 மணி நேர மொத்தம் கிடைப்பதை எப்படி மேம்படுத்தலாம்?" என்ற கேள்வியை வைக்கலாம். மாதிரி என்று தனியாக எடுக்க வேண்டியதில்லை. அந்த வாரத்தில் உள்ள எல்லாச் சார்ட்டுகளும்தான்.

இன்னொருவர், மாணவிகளின் பணியிடம் மாறியதும் எல்லாம் நின்றுவிட்டது என்றார். எங்களுக்கும் நேர்ந்தது. இப்போது சுற்றைத் தொடங்கும் தேதியைப் பணியிட மாற்றம் நடந்த மறுநாளாக வைக்கிறோம். புதிதாக வருபவர்களுக்கு முதல் வேலை, சிரிஞ்சை எடுத்து ஜாடியில் கோடு போடுவது.