நிச்சயதார்த்த வீடியோ: வசனத்தில் சறுக்கும் இடங்கள்

நிச்சயம் முடிந்த கையோடு உறவினர் குரூப்பில் ஒரு சின்ன வீடியோ போடுவது சென்னையில் பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. படங்கள் எப்படியும் அழகாக வந்துவிடும். வம்பு வருவது வசனத்தில்தான்.

மாம்பலத்து அருணுக்கும் தாம்பரத்து நித்யாவுக்கும் நிச்சயம் என்று வைத்துக்கொள்வோம். எழுதுவது மாப்பிள்ளையின் தங்கை என்றால் முதல் வரி இப்படித்தான் வரும்: "எங்கள் வீட்டுக்கு மகாலட்சுமி வருகிறாள்! எங்கள் அருணுக்குக் கல்யாணம்!" ஆசையில் எழுதியதுதான். ஆனால் நித்யாவின் பெரியப்பா இதைத் தன் சொந்தங்களுக்கு எப்படி அனுப்புவார்? அவர் வீட்டுப் பெண்ணின் பெயரே அதில் இல்லையே. இரு வீட்டுக்கும் ஒரே வீடியோ என்றால் 'எங்கள்' என்பதில் இரண்டு வீடும் இருக்க வேண்டும்.

திருத்தினால் இப்படி இருக்கும்:

"வணக்கம். மாம்பலம் ராமநாதன் – கல்யாணி தம்பதியின் மகன் அருணுக்கும், தாம்பரம் தெய்வத்திரு செல்வராஜ் – மீனாட்சி தம்பதியின் மகள் நித்யாவுக்கும் பெரியவர்கள் ஆசியோடு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் இனிதே நடந்தது. இந்தச் சந்தோஷத்தை எங்கள் இரு குடும்பமும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்கிறோம்."

நிதானமாகப் படித்தாலும் அரை நிமிடத்தைத் தாண்டாது. பெண்ணின் அப்பா இல்லை என்பதற்காக அவர் பெயரை விட்டுவிட்டு அம்மா பெயரை மட்டும் போடுவது பலர் செய்யும் தவறு. அந்தக் குடும்பம் முதலில் தேடுவதே அந்தப் பெயரைத்தான். 'தெய்வத்திரு' போடுவதா, 'அமரர்' போடுவதா என்பதை அவர்களிடமே கேட்டுவிடலாம்.

'நடந்தது' என்பதையும் கவனியுங்கள். "நிச்சயதார்த்தம், ஞாயிறு காலை 10 மணி" என்று மண்டபத்தின் பெயரோடு மொட்டையாகப் போட்டால் பாதிப் பேர் அதை அழைப்பாக எடுத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் 'வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் போதுமா?' என்று முகம் சுளிப்பார்கள். கடைசி வரி அதற்காகத்தான். கல்யாணத் தேதியும் பத்திரிகை அடிக்கும்வரை வேண்டாம். மண்டபம் கிடைக்காமல் முகூர்த்தம் மாறுவது சகஜம்.

படிப்பு, வேலை, வெளிநாடு எல்லாம் இதில் எதற்கு? ஒரு பக்கம் நீண்டால் இன்னொரு பக்கம் சிறுத்துத் தெரியும்.

பலர் பஸ்ஸிலோ ஆபீஸிலோ சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். அதனால் பெயர்கள் திரையிலும், இருவருடையதும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும். இனிஷியல்தான் அடிக்கடி தப்பாகும். செல்வராஜ் மகளுக்கு 'எஸ்' போடுவதா, 'செ' போடுவதா? பத்திரிகையில் எப்படிப் போடப்போகிறார்களோ அப்படியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தாய்மாமனுக்கும் அத்தைக்கும் முதலில் போன் போகட்டும். குரூப்பில் போடுவது அதற்குப் பிறகுதான்.