லைவ் டாஷ்போர்டைக் காட்டும்போது கதையை விட்டு வெளியே போகாமல் இருப்பது எப்படி

நான் முதன்முதலில் பவர் பிஐ டாஷ்போர்டை வைத்துப் பேசியபோது, இரண்டாவது நிமிடத்திலேயே ஒருவர், "அந்தப் பட்டையைக் கொஞ்சம் கிளிக் பண்ணுங்களேன்" என்றார். பண்ணினேன். அதிலிருந்து இன்னொரு கேள்வி, அதற்கு இன்னொரு கிளிக். அரை மணி நேரம் போன பிறகு, எந்த ஃபில்டரோடு தொடங்கினேன் என்பதே எனக்கு நினைவில்லை. கேட்க வேண்டிய ஒப்புதலையும் கேட்கவில்லை.

கேள்வி கேட்டவர் மேல் தப்பில்லை. வெளியே போய்விட்டுத் திரும்பி வர நான் ஒரு வழி வைத்திருக்கவில்லை. அந்த வழியை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

1. கதையை முதலில் தாளில் எழுதுங்கள்

டாஷ்போர்டைத் திறக்காமலே எழுதுங்கள். ஓர் ஆன்லைன் கடை என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் தலா 4,000 ஆர்டர்கள். பிப்ரவரியில் திரும்பி வந்தவை 240, மார்ச்சில் 360. கதை இப்படி வரும்:

"ரிட்டர்ன் 6 சதவீதத்திலிருந்து 9 ஆகிவிட்டது. கூடிய 120-இல் 96 காலணி. அதிலும் 80, அளவு பொருந்தாமல் வந்தவை. அளவு அட்டவணையை மாற்ற ஒப்புதல் வேண்டும்."

நான்கு வாக்கியம், நான்கு நிறுத்தம். டாஷ்போர்டில் பன்னிரண்டு சார்ட் இருக்கலாம், மீதியைப் பற்றி நீங்களாக வாய் திறக்க வேண்டாம்.

2. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு புக்மார்க்

பவர் பிஐ டெஸ்க்டாப்பில் `View` டேபில் `Bookmarks` பலகத்தைத் திறங்கள். முதல் வாக்கியத்துக்கு வேண்டிய ஃபில்டர்களைப் போட்டு, தேவையில்லாத சார்ட்டுகளை `Selection` பலகத்தில் மறைத்து, `Add` அழுத்துங்கள். திரையின் அந்த நிலை ஒரு புக்மார்க்காகப் பதிவாகிவிடும். மற்ற மூன்றுக்கும் இதே வேலைதான். பெயர் வைக்கும்போது "புக்மார்க் 3" என்று விடாமல் "காலணி 96" என்று வையுங்கள். பதற்றத்தில் அந்தப் பெயரே அடுத்து என்ன பேச வேண்டும் என்று எடுத்துக் கொடுக்கும்.

அதே பலகத்தில் உள்ள `View` பட்டனை அழுத்தினால், கீழே முன்னும் பின்னும் போக அம்புக்குறிகள் வரும். ஸ்லைடு போல நகர்த்தலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புக்மார்க் ஃபில்டரைத்தான் பிடித்து வைக்கும், டேட்டாவை அல்ல. "கடைசி 30 நாள்" என்று ஃபில்டர் வைத்துவிட்டு அடுத்த வாரம் காட்டினால் 360 என்பது வேறு எண்ணாகியிருக்கும். மாதத்தையே நேரடியாகத் தேர்ந்தெடுங்கள். அப்படி வைத்தாலும், தாமதமாகப் பதிவாகும் ரிட்டர்ன்களால் எண் கொஞ்சம் நகரும். அன்று காலையே நான்கு புக்மார்க்கையும் ஒரு முறை ஓட்டி, எண்களைத் தாளோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

3. கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு

டெஸ்க்டாப்புக்குப் பதிலாக பிரவுசரில் காட்டப் போகிறீர்கள் என்றால், கடைசியாக நீங்கள் வைத்த ஃபில்டர்களை அது வழக்கமாக நினைவில் வைத்திருக்கும். நேற்று ஏதோ தேடிய கோலத்திலேயே இன்று திறக்கும். `Reset` பட்டனை அழுத்திவிட்டு முதல் புக்மார்க்கில் போய் நில்லுங்கள்.

4. கேள்வி வரும்போது

"ஆடைப் பிரிவில் எப்படி?" என்று ஒருவர் கேட்கிறார். விடை திரையிலேயே இருந்தால் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். அடுத்த நிறுத்தத்தில் வருவது என்றால், "அடுத்த திரையில் அதுதான்" போதும். இரண்டும் இல்லையென்றால், எல்லோருக்கும் தெரியும்படி கேள்வியையும் கேட்டவர் பெயரையும் எழுதுங்கள். "கடைசிப் பத்து நிமிடத்தில் இதைத் திறந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். எழுதுவதைப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள். "பிறகு பார்க்கலாம்" என்று வாயால் மட்டும் சொன்னால் விடமாட்டார்கள், அது தட்டிக்கழிப்பது போலத்தான் கேட்கும்.

மேலதிகாரி இப்போதே பார்க்க வேண்டும் என்றால்? மல்லுக்கு நிற்காதீர்கள், கிளிக் பண்ணுங்கள். ஆடையில் கூடியது 10தான் என்று தெரியும். "சரி, காலணிக்கு வருவோம்" என்று சொல்லி, "காலணி 96" புக்மார்க்கை அழுத்துங்கள். அதில் பதிவான ஃபில்டர்களும் சார்ட்டுகளும் ஒரே கிளிக்கில் பழையபடி வந்துவிடும். எந்த ஃபில்டரை மாற்றினோம் என்று எல்லோர் முன்னும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

"இந்த எண் தப்பு போல இருக்கே" என்ற கேள்வியை மட்டும் தனியாக வையுங்கள். எல்லோர் முன்னும் டேட்டாவைத் தோண்ட ஆரம்பித்தால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும். டேட்டா கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். "360 என்பது 350 ஆக இருந்தாலும் காலணிதான் முதலில் நிற்கும், சரிபார்த்து இன்று மாலைக்குள் அனுப்புகிறேன்" என்று குறித்துக்கொண்டு நான்காவது புக்மார்க்குக்குப் போங்கள். ஒப்புதல் கேட்க வேண்டிய திரை அதுதான்.