‘இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை’: சொல்லும் விதத்தில் நேரும் தவறுகள்

வீட்டில் ஒருவர் தவறிய பிறகு வரும் முதல் தீபாவளியன்று, விடியற்காலையிலேயே கைபேசிக்கு வாழ்த்துகள் வரத் தொடங்கிவிடும். எண்ணெய்ச் சட்டி வைக்காத, புதுத்துணி எடுக்காத வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவற்றுக்கு என்ன பதில் எழுதுவது என்று பலரும் தடுமாறுகிறோம். துக்கத்தில் இருப்பவரிடம் யாரும் பெரிய நாகரிகத்தை எதிர்பார்ப்பதில்லைதான். ஆனால் அந்த நேரத்தில் அவசரமாகச் சொல்லிவிடும் ஒரு வரி, நல்ல மனதோடு வாழ்த்தியவரை நாள் முழுக்கக் குற்ற உணர்வில் தள்ளிவிடும். அது நடக்காமல் பார்த்துக்கொள்வது கடினமில்லை.

முதல் தவறு, வாழ்த்தியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வது. ‘எங்க அப்பா போனது உங்களுக்குத் தெரியாதா?’ என்று ஒரே வரியில் பதில் போடுகிறவர்கள் உண்டு. கோபத்தில் எழுதுவதில்லை, வலியில் எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அது குற்றச்சாட்டாகத்தான் போய்ச் சேரும். பண்டிகை நாளில் பெரும்பாலானவர்கள் தொடர்புப் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே படத்தைத் தட்டிவிடுகிறார்கள். துக்கத்துக்கு நேரில் வந்து மாலை போட்டவரே மறதியில் அனுப்பிவிடுவார். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதிலில் மூன்று விஷயங்கள் இருந்தால் போதும்: நன்றி, நிலைமையைச் சொல்லும் ஒரு வரி, அவர்கள் நன்றாகக் கொண்டாட வேண்டும் என்ற சொல். ‘நன்றி அண்ணா. ஆவணியில் அம்மா தவறிட்டாங்க, அதனால் இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நல்லபடியாகக் கொண்டாடுங்க.’ இதில் வரிசை முக்கியம். நன்றி முதலில் வந்தால் வாழ்த்தை ஏற்றுக்கொண்டது தெரியும். கடைசி வரி அவர்கள் வீட்டைப் பற்றியதாக இருந்தால், படித்து முடிக்கும்போது அவர் மனம் மரணச் செய்தியில் நின்றுவிடாது. எப்படி இறந்தார், எந்த மருத்துவமனை, எத்தனை நாள் கிடந்தார் என்பதெல்லாம் அந்த நாளுக்கு வேண்டாம். கேட்டால், ‘பண்டிகை முடிஞ்சதும் பேசறேன்’ என்று சொல்லலாம்.

‘எங்கள் வீட்டிலிருந்து வாழ்த்துச் சொல்லலாமா?’ என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. துக்கம் காக்கும் வீட்டிலிருந்து வாழ்த்துப் போகக்கூடாது என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. என் கருத்து தெளிவானது: அந்த ஓராண்டு நாம் கொண்டாடுவதைத்தான் நிறுத்தி வைக்கிறது, அடுத்தவர் நலம் விரும்புவதை அல்ல. வீட்டுப் பெரியவர்கள் ‘வாழ்த்துகள்’ என்ற சொல்லை விரும்பவில்லை என்றால் ‘நல்லா கொண்டாடுங்க’ என்பதே போதும். அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

எல்லா வாழ்த்துக்கும் இந்த மூன்று வரிப் பதிலை அனுப்ப வேண்டியதும் இல்லை. ஐம்பது பேர் இருக்கும் அலுவலகக் குழுவில் ஒருவர் ‘அனைவருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்று போட்டால், அதன் கீழே ‘எங்களுக்கு இல்லை’ என்று எழுதினால் என்ன ஆகும்? அடுத்து வாழ்த்த வந்தவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொள்வார்கள், இரங்கல் செய்திகள் வரிசையாக வரும், வாழ்த்தியவர் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்பார். பொதுவான வாழ்த்துக்குப் பேசாமல் இருப்பதே சரி. உங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்தியவருக்கு மட்டும் தனியாகப் பதில் எழுதுங்கள். மாறாக, ஒன்றுவிட்ட சித்தி தனியாகக் கூப்பிட்டு வாழ்த்தும்போது பேசாமல் போனை வைப்பதும், அவர் செய்தியைப் பார்த்துவிட்டுப் பதிலே போடாமல் விடுவதும் தவறு. பொங்கல் வரும்போதும் அவர் அதே வாழ்த்தைச் சொல்வார். அப்போது சொல்வது இன்னும் சங்கடம்.

வழக்கம் தெரியாதவர்களிடம் ‘எங்களுக்குப் பண்டிகை இல்லை’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவது இன்னொரு பிழை. வேறு மாநிலத்துச் சக ஊழியருக்கோ வேறு மதத்து நண்பருக்கோ அதன் பொருள் விளங்காது. ஏதோ மனத்தாங்கல் என்று நினைக்கலாம். ‘எங்கள் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாட மாட்டோம்; வாழ்த்தியதற்கு மிகவும் நன்றி’ என்று காரணத்தையும் சேர்த்தால் போதும். அவர்களிடம் ‘எங்களுக்குத் தீட்டு’ என்றும் சொல்லாதீர்கள், நம் ஆட்களிடமும் சொல்லாதீர்கள். தீட்டு என்பது காரியம் முடிவதோடு கழிந்துவிடுகிறது. அதன் பிறகு நீள்வது துக்கம் காப்பது மட்டுமே. தீட்டு என்று கேட்டவர் அன்று உங்கள் வீட்டுக்கு வரலாமா கூடாதா என்று யோசிப்பார். யாராவது வந்து பக்கத்தில் உட்கார மாட்டார்களா என்று இருக்கும் நாளில் நீங்களே கதவை அடைத்ததாகிவிடும்.

பலரும் கவனிக்காத ஓர் இடம், வீட்டு வேலைக்கு வருபவர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் சொல்லும் வாழ்த்து. அவர்களிடம் ‘எங்களுக்கு இந்த வருஷம் தீபாவளி இல்லைம்மா’ என்று சொன்னால், தீபாவளிப் பணம் இல்லை என்றுதான் காதில் விழும். அவர்களும் துக்க வீடாயிற்றே என்று கேட்காமல் போய்விடுவார்கள். வருடா வருடம் தருவதைக் கையில் கொடுத்துவிட்டு, ‘எங்க வீட்ல இந்த வருஷம் இல்லை, நீங்க பிள்ளைங்களோட நல்லா கொண்டாடுங்க’ என்று சொல்லுங்கள். கொடுத்த பிறகு சொன்னால் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வராது.

பக்கத்து வீட்டுக்காரர் பலகாரத் தட்டோடு வந்தால் வாசலிலேயே மறுப்பதும் வேண்டாம். நாம்தான் செய்வதில்லை. துக்க வீட்டில் அடுப்பில் பலகாரம் ஏறாது என்று தெரிந்து உறவினரும் அயலாரும் கொண்டுவந்து கொடுப்பது நெடுநாள் வழக்கம். வாங்கி வைத்துக்கொண்டு, தட்டைக் கழுவிக் கொடுக்கும்போது ‘அடுத்த வருஷம் நாங்க கொண்டு வர்றோம்’ என்று சொன்னால் நிறைவாக இருக்கும். சில வீடுகளில் பிறர் தருவதையும் சாப்பிட மாட்டார்கள். அப்படியானால் வீட்டுக் குழந்தைகளுக்கென்று வாங்கிக்கொள்ளலாம். அந்தக் குழந்தைகளுக்கும் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ‘தாத்தா செத்துட்டார், அதனால எங்களுக்கு வெடி கிடையாது’ என்று ஆறு வயதுக் குழந்தை மாடிப்படியில் சொன்னால், கேட்டவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிடுவார். ‘தேங்க்ஸ் ஆன்ட்டி, எங்க வீட்ல அடுத்த வருஷம்தான் தீபாவளி’ என்பது குழந்தைக்கும் சுலபம், அதன் மனதுக்கும் நல்லது.

உண்மையான சிக்கல் எழுவது, ஓராண்டு எது என்ற கணக்கில். பண்டிகை நாள்காட்டித் தேதிப்படி வருவதில்லை. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. ஒரு குடும்பத்தலைவர் 2024 அக்டோபர் 25 அன்று இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாளில் வந்த தீபாவளிக்கு வாழ்த்து அதிகம் வந்திருக்காது. எல்லோருக்கும் செய்தி புதிது. அடுத்த தீபாவளியோ பதினோரு நாள் முந்திக்கொண்டது. ஆங்கிலத் தேதிப்படியே இன்னும் ஆண்டு முடியவில்லை. வருஷத் திதியும் கொடுத்தாகவில்லை. ஆக, இரண்டாவது தீபாவளியும் அந்த வீட்டில் இல்லை. ஆனால் வெளியே இருப்பவர்களுக்கு ‘போன வருஷம்தானே அவங்களுக்கு இல்லை’ என்றுதான் நினைவிருக்கும். மறதியில்லாமல், யோசித்தே வாழ்த்துவார்கள். இங்கேதான் அந்த வீட்டு மகன் பொறுமை இழக்கிறான்: ‘ஒரு வருஷம்கூட ஆகலையே, அதுக்குள்ள மறந்துட்டாங்க.’ அவர்கள் மறக்கவில்லை, ஒரு தீபாவளியை எண்ணி முடித்துவிட்டார்கள். ‘நன்றி மாமா. அப்பாவுக்கு வருஷத் திதி இன்னும் வரலை, அதனால் இந்தத் தீபாவளியும் எங்களுக்கு இல்லை. அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்க’ என்று எழுதினால் விளங்கிவிடும். ஒரு தீபாவளி விட்டதே போதும் என்று வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் இருக்கின்றன. அதனால் பண்டிகைக்குச் சில நாள் முன்பே வீட்டுப் பெரியவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். அண்ணன் ‘இல்லை’ என்றும் தம்பி ‘உங்களுக்கும் வாழ்த்துகள்’ என்றும் ஒரே மாமாவுக்குப் பதில் அனுப்பினால், அவர் யாரிடம் என்ன பேசுவார்?

இதேபோல், திருமணமாகிப் போன மகள் வீட்டின் நிலையையும் பிறந்த வீட்டார் அறிவிக்கக் கூடாது. அவள் புகுந்த வீட்டில் கொண்டாடலாம் என்பது பல குடும்பங்களின் வழக்கம். அப்பாவோ அம்மாவோ இறந்த வருஷம் மனம் வராமல் பண்டிகையை விட்டுவிடுகிற மகள்களும் ஏராளம். அவளுக்கு வரும் வாழ்த்துக்கு அவளே பதில் சொல்லட்டும். ‘எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லை’ என்று குழுவில் போட்டுவிட்டால், அவள் மாமியார் வீட்டார் சங்கடப்படுவார்கள்.

ஜனவரி 1 வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து, பதவி உயர்வுக்கான வாழ்த்து ஆகியவற்றுக்கு ‘நன்றி’ மட்டும் போதும். அவற்றிலும் துக்கத்தை நினைவூட்டத் தேவையில்லை.

தெரியாமல் வாழ்த்தியவர் பதறிப்போய், ‘ஐயோ, மன்னிச்சிடுங்க’ என்று அழைப்பார். அப்போது ‘பரவாயில்லை’ என்று சுருக்கமாக முடித்தால், உண்மையில் பரவாயில்லையா என்று அவர் மறுபடியும் கேட்பார். ‘நாங்கதான் எல்லாருக்கும் சொல்லி அனுப்பலை. நீங்க நினைச்சு வாழ்த்தினதே எங்களுக்குச் சந்தோஷம்’ என்று தவறை நம் பக்கம் இழுத்துக்கொண்டால் அவர் மனம் ஆறும்.

வருஷத் திதி முடிந்து அடுத்த பண்டிகை வரும்போது, நீங்கள் யாருக்கெல்லாம் ‘இல்லை’ என்று பதில் எழுதினீர்களோ அவர்கள் உங்களை வாழ்த்தத் தயங்குவார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியாது. இன்னொரு முறை தவறிவிடக் கூடாது என்ற பயமும் இருக்கும். அந்தப் பண்டிகைக்கு முதல் வாழ்த்தை நீங்களே அனுப்பிவிடுங்கள்.