நார்டிக் கர்ல்: முட்டி போட்டுச் சாய்கிற பயிற்சியில் நம்ம பசங்க செய்கிற தவறுகள்

போலீஸ் செலக்‌ஷன் அறிவிப்பு வந்துவிட்டால் தருமபுரி பக்கம் எந்தப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் விடியற்காலையில் பத்துப் பையன்களாவது ஓடிக்கொண்டிருப்பார்கள். பாலக்கோடு பக்கத்தில் நான் பார்த்துக்கொள்கிற குழுவும் அப்படிப்பட்டதுதான். கொஞ்ச நாளாக எல்லோருக்கும் நார்டிக் கர்ல் மேல் ஒரு மோகம். ஒருத்தர் முட்டி போட்டபடி மூஞ்சி தரையைத் தொடுகிற வரை சாய்ந்து, கையே ஊன்றாமல் அப்படியே எழுந்து வருகிற ரீல்ஸ் ஒன்று எல்லோர் போனிலும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சாக்கை விரித்து ஒருத்தன் முட்டி போடுகிறான், இன்னொருத்தன் கணுக்காலைப் பிடிக்கிறான், முதலாமவன் தொப்பென்று விழுகிறான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு "இருபது போட்டுட்டேன் அண்ணா" என்கிறான். இருபது தடவை விழுந்தான், அவ்வளவுதான்.

இது எதற்கான பயிற்சி என்று தெரிந்தால் பாதித் தவறு தானாகக் குறையும். வேகமாக ஓடும்போது தொடையை முன்னால் வீசுகிறோம். தொடை வந்து நிற்கிற நேரத்தில் முட்டிக்குக் கீழே இருக்கிற கால் சாட்டை நுனி மாதிரி முன்னால் பறக்கிறது. யாரும் பிடிக்காவிட்டால் முட்டி படாரென்று நிமிர்ந்துவிடும். அதைப் பிடித்து வேகத்தைக் குறைப்பது பின்தொடையில் ஓடுகிற ஹாம்ஸ்ட்ரிங் தசைகள். இவற்றில் பெரும்பாலானவை உட்காரும் எலும்பில் ஆரம்பித்து முட்டிக்குக் கீழே போய் ஒட்டுகின்றன, அதாவது இடுப்பையும் தாண்டுகின்றன, முட்டியையும் தாண்டுகின்றன. தொடை முன்னால் போனதால் மேல் முனை ஏற்கெனவே இழுபட்டிருக்கிறது. இப்போது முட்டியும் நிமிர்வதால் கீழ் முனையும் இழுபடுகிறது. தசை நீண்டுகொண்டே போகும்போதே முழு பலத்தோடு இழுத்தும் பிடிக்க வேண்டும். பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், கண்ணிமைக்கிற நேரத்தில் இது நடந்து முடிந்துவிடும். ஸ்பிரிண்ட் ஓடும்போது ஏற்படுகிற ஹாம்ஸ்ட்ரிங் கிழிசல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் வருவதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதிகம் அடிபடுவது வெளிப்பக்கம் இருக்கிற பைசெப்ஸ் ஃபெமோரிஸ் தசையின் நீளமான தலை.

தொப்பூர் கணவாய் தெரியாதவர்கள் நம்ம ஊரில் இல்லை. லோடு லாரி சேலம் பக்கம் இறங்கும்போது இன்ஜின் வண்டியை இழுத்துப் போவதில்லை, கியரில் வைத்துப் பிடித்துப் பிடித்துத்தான் இறக்குகிறார்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டவன் கதை என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நார்டிக் கர்லும் இறக்கம்தான். முட்டி போட்டுச் சாயும்போது பின்தொடை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து இறக்குகிறது. அந்தப் பிடிப்புதான் பயிற்சி. தரையைத் தொடுவதற்கு மார்க் கிடையாது.

அதனால் முதல் தவறு, கடைசிப் பகுதியில் நியூட்ரலில் விடுவது. எல்லோரும் விடுகிற இடம் ஒன்றுதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. நேராக நிற்கும்போது உடம்பின் எடை முட்டிக்கு நேர் மேலே இருப்பதால் பின்தொடைக்கு வேலையே இல்லை. 30 டிகிரி சாய்ந்தால் மொத்தச் சுமையில் பாதி வந்துவிடும், 45 டிகிரியில் 70 சதவீதம், உடம்பு தரைக்கு இணையாகப் போகும்போது முழுசும். தசை நீண்டுகொண்டே போகப் போகச் சுமையும் ஏறிக்கொண்டே போகிறது. ஆரம்பத்தில் அழகாக இறங்குகிறவன் நடுவில் கைவிடுவது இதனால்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைவிடுகிற இடம் எது என்று தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை.

அதைக் கண்டுபிடிப்பது சுலபம். போனைப் பக்கவாட்டில் மூன்று மீட்டர் தள்ளி முட்டி உயரத்தில் ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். ஒரு இடம் வரை ஒரே வேகத்தில் இறங்குவீர்கள், அதற்கப்புறம் சட்டென்று வேகம் கூடும். அந்த ஃபிரேமில் முட்டியிலிருந்து தோள் வரை ஒரு கோடு மனசில் போட்டால் எத்தனை டிகிரி என்று தெரிந்துவிடும். புதுசாக வருகிற பையன்களுக்குப் பெரும்பாலும் 30க்கும் 40க்கும் நடுவில் இருக்கும். அந்த இடத்துக்கு வந்ததும் இன்னும் அழுத்திப் பிடிக்கப் பார்க்க வேண்டும். மொத்த இறக்கத்துக்கும் மூன்று முதல் ஐந்து விநாடி ஆக வேண்டும், கால் பிடிக்கிறவன் சத்தமாக எண்ணட்டும். ஒரு விநாடியில் முடிந்துவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சுத்தமாகப் பிடிக்க முடியாதவனுக்கு நாங்கள் பழைய சைக்கிள் ட்யூபை அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றிப் போட்டு, பின்னால் இருக்கிற வேப்பமரத்தில் கட்டிவிடுகிறோம். சாயச் சாய ட்யூப் பின்னால் இழுப்பதால் சுமை அதிகமாகிற இடத்தில் உதவியும் அதிகமாகிறது. கீழே வந்ததும் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளி எழுந்துவிடுங்கள். ரீல்ஸ்காரர் மாதிரி பின்தொடையால் இழுத்து எழ வேண்டியதில்லை, அந்தப் பலத்தை அடுத்த இறக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தவறு கண்ணுக்குச் சீக்கிரம் தெரியாது. கஷ்டம் வந்ததும் இடுப்பை மடக்கி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, கும்பிடுகிற மாதிரி குனிந்துவிடுவார்கள். செய்கிறவனுக்குத் தான் நன்றாக இறங்குகிற மாதிரியே இருக்கும். நடப்பது என்னவென்றால் உடம்பின் எடை மறுபடி முட்டிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, பின்தொடையின் சுமை குறைந்துவிடுகிறது. முட்டி, இடுப்பு, தோள் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், கதவு சாய்கிற மாதிரி. ஆரம்பிக்கும் முன்பே பிட்டத்தை இறுக்கிக்கொண்டால் இது பாதி சரியாகிவிடும். இதற்கு நேர்மாறாக முதுகை வில்லாக வளைத்து வயிற்றை முன்னால் தள்ளுகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு அடுத்த நாள் இடுப்புதான் வலிக்கும்.

கால் பிடிக்கிறவனுக்கும் ஒரு வார்த்தை. குதிகாலுக்குச் சற்று மேலே பிடித்து உன் எடை முழுக்க அதன் மேல் வை. போன் பார்த்துக்கொண்டே ஒற்றைக் கையால் பிடித்து, மேலே இருந்தவன் மூக்கில் மண் அள்ளியதை நான் பார்த்திருக்கிறேன். முட்டிக்குக் கீழே கோணிச்சாக்கை நாலு மடிப்பாவது மடித்துப் போடுங்கள். சிமெண்ட் தரையில் வெறும் முட்டியோடு செய்தால் பின்தொடை களைப்பதற்கு முன்னால் முட்டிச் சில்லு கத்த ஆரம்பித்துவிடும்.

இப்போது எனக்கு அதிகம் கோபம் வருகிற தவறு: முதல் நாளே நிறையச் செய்வது. போன வருஷம் பென்னாகரம் பக்கத்திலிருந்து 19 வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். நல்ல வேகம். நான் வராத ஒரு நாளில் 15, 15, 15 என்று மூன்று செட் போட்டிருக்கிறான். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் பின்தொடை இரண்டும் கல். இரண்டாம் நாள் டாய்லெட்டில் குந்தி உட்கார முடியவில்லை என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். நீண்டுகொண்டே சுமை தாங்குகிற பயிற்சிக்குப் பழகாத தசை இப்படித்தான் வலிக்கும், இரண்டாம் நாள் அதிகமாக இருந்துவிட்டு நாலைந்து நாளில் போய்விடும். ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் நாளே 100 மீட்டர் ட்ரயல் பார்க்கிறேன் என்று முழு வேகத்தில் ஓடினான். 70 மீட்டரில் வலது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். மூன்று வாரம் ஓடவே இல்லை.

வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சி வலி இரண்டு காலிலும் பரவலாக இருக்கும், அடுத்த நாள்தான் வரும். கிழிசல் ஒரு காலில், ஓடிக்கொண்டிருக்கும்போதே, விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் சுரீரென்று வரும். அப்படி வந்தால் அன்றோடு நிறுத்துங்கள், தைலம் போட்டு உருவி விடாதீர்கள். நீலம் பூத்தாலோ, நடக்கவே வலித்தாலோ, உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில் வலித்தாலோ நேராக டாக்டரிடம் போங்கள்.

அளவு எவ்வளவு என்று கேட்டால் டென்மார்க் கால்பந்து வீரர்களிடம் செய்து 2011-ல் வெளியான ஆய்வின் அட்டவணை இருக்கிறது. முதல் வாரம் ஒரே ஒரு நாள், அதுவும் 5 தடவை வீதம் 2 செட். இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 வீதம் 2 செட். மூன்றாம் வாரத்திலிருந்துதான் வாரம் மூன்று நாளும் மூன்று செட்டும். மெதுவாக ஏறி, ஐந்தாம் வாரத்தில் 12, 10, 8 என்று போய்ச் சேர்ந்து பத்து வாரம் நடக்கும். பயிற்சி செய்த அணிகளில் அந்த வருஷம் 15 ஹாம்ஸ்ட்ரிங் காயம், செய்யாத அணிகளில் 52. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை வீரர்கள். என் பையன்கள் காலையில் ஓடிவிட்டுப் பகலில் வேலைக்கும் போகிறவர்கள் என்பதால் நான் 6 வீதம் 3 செட், வாரம் இரண்டு நாள் என்பதைத் தாண்டுவதில்லை. ஓட்டம் எல்லாம் முடிந்த பிறகுதான் செய்ய விடுகிறேன். களைத்த பின்தொடையோடு ஸ்பிரிண்ட் ஓடுவது, பிரேக் சூடான பிறகு கணவாயில் இறங்குகிற மாதிரி.

அப்புறம் இது ஒன்றே போதும் என்று நினைப்பதும் தவறு. இந்தப் பயிற்சியில் இடுப்பு நேராக நிற்கிறது, ஓடும்போதோ தொடை முன்னால் போய் மடங்கியிருக்கும். அதனால் ஓட்டத்தில் தசை நீள்கிற அளவுக்கு இங்கே நீள்வதில்லை. அதற்கு மணல் மூட்டையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, முட்டியை லேசாக மட்டும் மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்கிற டெட்லிஃப்ட் செய்கிறோம். வாரம் இரண்டு நாள் நிஜமான வேக ஓட்டமும் உண்டு. வருஷம் முழுக்க மெதுவாக 1500 மீட்டர் மட்டும் ஓடிவிட்டு, தேர்வு அன்றைக்கு 100 மீட்டருக்கு முழு வேகம் வைத்தால், நார்டிக் எத்தனை போட்டிருந்தாலும் கால் அந்த வேகத்தைப் பார்த்ததே இல்லை.

பென்னாகரம் பையன் மறுபடி 5 வீதம் 2 செட்டில் ஆரம்பித்தான். முதல் வீடியோவில் 35 டிகிரியில் விழுந்தவன் பத்தாம் வாரத்தில் 50 தாண்டிப் பிடித்தான். இப்போது வாரம் ஒரு நாள் மட்டும் செய்கிறான், முழுசாக விட்டால் கிடைத்தது சில வாரங்களிலேயே குறைய ஆரம்பிக்கும். தேர்வுக்குத் தேதி வந்திருக்கிறது. அதற்கு ஆறு நாள் முன்னால் கடைசி முறை என்று சொல்லி வைத்திருக்கிறேன், ட்யூபையும் அன்றைக்கே அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டு போய்விடுவேன், இல்லாவிட்டால் முந்தின நாள் ராத்திரி வந்து போடுவான்.