பப்பாளி, அன்னாசி நொதிகள் புரதத்தை வெட்டுவதைக் கண்ணால் பார்ப்பது எப்படி?

பப்பாளியின் பப்பேன், அன்னாசியின் ப்ரோமெலைன் இரண்டுமே புரதத்தை வெட்டும் நொதிகள். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அன்னாசியில் தொடங்குவோம்.

1. 250 மி.லி. வெந்நீரில் 7 கிராம் ஜெலட்டினைக் கட்டியில்லாமல் கரையுங்கள். அகர் அகர் வேண்டாம். அது புரதமே இல்லை, மாவுச்சத்து வகை. நொதி அதைத் தொடாது.

2. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மூன்று கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் இரண்டு ஸ்பூன் புதிதாகப் பிழிந்த, கொதிக்கவைக்காத அன்னாசிச் சாறு, இரண்டாவதில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்த அதே சாறு, மூன்றாவதில் வெறும் தண்ணீர். கரைசல் கொதிக்கும்போதே சாற்றைச் சேர்த்தால் சூட்டில் நொதி செத்துவிடும், சோதனை பாழ்.

3. நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சாய்த்துப் பாருங்கள். கொதிக்கவைக்காத சாறு சேர்த்தது மட்டும் தண்ணீராக ஓடும். மற்ற இரண்டும் உறைந்திருக்கும். கொதித்த சாறும் ஓடினால், சரியாகக் கொதிக்கவில்லை என்று அர்த்தம்.

4. இனி பப்பாளி. பப்பேன் அதிகம் இருப்பது காயின் பாலில்தான். பழுக்கப் பழுக்கக் குறையும். அதனால் பழத்தை வைத்துச் செய்து ஏமாறாதீர்கள். பால் தோலை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? ஜெலட்டின் உறைவதற்குக் காரணம் அதன் நீண்ட அமினோ அமிலச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது. பப்பேன் 212 அமினோ அமிலங்களால் ஆன புரதம். நடுவே ஒரு பள்ளம். சங்கிலி அதில் வந்து படிந்ததும் 25-ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணு, சங்கிலியின் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பைத் தாக்கும். ஒரு துண்டு விலகிவிடும், மற்றது கந்தகத்தோடு ஒட்டியிருக்கும். அப்புறம் ஒரு நீர் மூலக்கூறு வந்து அதையும் விடுவிக்கும். நொதி அடுத்த வெட்டுக்குத் தயார். ப்ரோமெலைனும் இதே வழிதான். சங்கிலி துண்டுதுண்டானால் பின்ன எதுவும் மிச்சமில்லை.

சரி, சாப்பிட்டால்? நொதியும் புரதம்தானே! வயிற்று அமிலம் அதன் வடிவத்தைக் குலைக்கும், வயிற்றின் செரிமான நொதியான பெப்சின் அதையே வெட்டத் தொடங்கும். தப்பிப் பிழைப்பது உணவுப் புரதத்தைக் கொஞ்சம் வெட்டலாம். ஆனால் ஆரோக்கியமானவருக்குப் பெப்சினும் கணையத்தின் டிரிப்சினும் அந்த வேலையை ஏற்கனவே செய்கின்றன. கூடுதலாகக் கிடைப்பது சொற்பம். அமிலத்தைத் தாங்கும் உறையிட்ட மாத்திரையிலிருந்து சிறிதளவு ப்ரோமெலைன் முழுசாக ரத்தத்துக்குப் போகிறது. வீக்கம் குறைக்கும் என்று விற்கிறார்கள்; ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை.

அமிலம் இல்லாத இடத்தில் கதையே வேறு. உணவுக்குழாயில் சிக்கிய இறைச்சியைக் கரைக்க ஒருகாலத்தில் பப்பேன் கரைசல் குடிக்கக் கொடுத்தார்கள். சிலருக்குக் குழாயே ஓட்டை விழுந்ததால் கைவிட்டார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொட வேண்டாம்.